500 பொருள், 40,000 விரல்கள்

எங்கள் இணையதளத்தில் நண்பகல் 12 மணிக்குத் தொடங்கிய விற்பனை 41 விநாடிகளில் முடிந்தது. கையிருப்பு 300. திரையில் 'விற்றுத் தீர்ந்தது' என்று வந்ததும் அறையில் எல்லோரும் கைதட்டினோம். ஒரு மணி நேரம் கழித்துக் கிடங்கிலிருந்து தொலைபேசி வந்தது. "தம்பி, 341 ஆர்டர் வந்திருக்கிறது. பெட்டி 300தானே இருக்கிறது, மீதிக்கு நான் எங்கே போவேன்?"

அன்று மாலை முழுவதும் நானும் இன்னொருவரும் அந்த 41 பேரைத் தனித்தனியாக அழைத்துப் பேசினோம். பணம் திரும்ப வந்துவிடும் என்று சொன்னால் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். ஒரு பெண்மணி மட்டும், "பணத்தை எடுத்துக்கொண்ட பிறகு பொருள் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். அவர் கேட்டது முழுக்க நியாயம். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இரவில் சர்வரின் பதிவுகளைத் திறந்து உட்கார்ந்தேன்.

விடை சில வரிகளில் இருந்தது. கடைசிப் பொருள் ஒன்று மிச்சமிருந்த நேரத்தில் முதல் வாடிக்கையாளருக்காக நிரல் தரவுத்தளத்திடம் 'எத்தனை இருக்கிறது' என்று கேட்டது. 'ஒன்று' என்று பதில் வந்தது. அவருடைய ஆர்டரை எழுதி, எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குவதற்குள் சில மில்லி விநாடிகள் ஓடின. அந்த இடைவெளியில் இரண்டாமவருக்காகவும் அதே கேள்வி போனது. அவருக்கும் 'ஒன்று' என்றே பதில். இரண்டு பேருக்கும் ஆர்டர் பதிவானது. இரண்டு பேருக்கும் எண்ணிக்கை பூஜ்யம் என்றே எழுதப்பட்டது. அதனால் கணக்கு எதிர்மறைக்குப் போகவில்லை. அபாயம் எதுவும் கண்ணில் படவில்லை. நாள் முழுவதும் பத்துப் பேர் வந்து போகும் கடையில் இந்த ஓட்டை ஆண்டுக்கணக்கில் தெரியாமலே இருக்கும். ஒரே விநாடியில் ஆயிரக்கணக்கானோர் ஒரே பொருளைக் கேட்கும்போதுதான் திறந்துகொள்ளும்.

பார்ப்பதும் குறைப்பதும் இரண்டு செயல்களாக இருப்பதுதான் கோளாறு. ஒரே செயலாக்கிவிட்டால் தீர்ந்தது:

```sql
UPDATE stock SET qty = qty - 1
WHERE item_id = 7 AND qty > 0;
```

இந்தக் கட்டளை அட்டவணையில் எத்தனை வரிகளை மாற்றியது என்று தரவுத்தளம் சொல்லும். ஒன்று என்றால் பொருள் கிடைத்தது, பூஜ்யம் என்றால் கிடைக்கவில்லை. இடையில் வேறு யாரும் நுழைய வழியில்லை. கூடவே `CHECK (qty >= 0)` என்ற நிபந்தனையையும் அட்டவணையில் போட்டு வைத்தால், நிரலின் வேறொரு மூலையில் யாராவது கவனக்குறைவாக எண்ணிக்கையைக் குறைத்தாலும் தரவுத்தளமே மறுத்துவிடும்.

இந்தத் திருத்தத்தைச் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் அடுத்த விற்பனையில் வேறொரு பள்ளத்தில் விழுகிறார்கள். ஒரு வரியை ஒருவர் மாற்றிக்கொண்டிருக்கும்போது தரவுத்தளம் அதைப் பூட்டி வைக்கும். மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள். பூட்டு 5 மில்லி விநாடி நீடித்தால் விநாடிக்கு 200 பேருக்குக் கொடுக்கலாம். 500 பொருள் இரண்டரை விநாடியில் போய்விடும். ஆனால் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, பூட்டைத் திறக்காமலே வங்கிக் கட்டணச் சேவையை அழைத்துப் பணம் வந்ததா என்று கேட்கும்படி நிரல் எழுதப்பட்டிருந்தால், பூட்டு இரண்டு விநாடி நீடிக்கும். அப்போது 500 பொருளை விற்க ஆயிரம் விநாடி, ஏறக்குறைய 17 நிமிடம் ஆகும். இதற்கிடையில் காத்திருக்கும் ஒவ்வொருவரும் தரவுத்தளத்தின் ஓர் இணைப்பைப் பிடித்துக்கொண்டிருப்பார். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் `max_connections` என்ற அமைப்பின் இயல்பான அளவு 100 மட்டுமே. அது நிரம்பியதும் விற்பனைப் பக்கத்தோடு முகப்பு, உள்நுழைவு, பழைய ஆர்டர்களைப் பார்க்கும் பக்கம் எல்லாம் சேர்ந்து உறைந்துபோகும். கண்காணிப்புத் திரையில் சர்வரின் சிபியு ஓய்வாக இருப்பதாகத் தெரியும், பக்கங்களோ வராது. அந்த இரண்டையும் ஒன்றாகக் கண்டால் பூட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வேலை, 'இல்லை' என்று சொல்வது

இப்போது ஒரு விற்பனையைக் கையிலெடுத்து முழுவதுமாகத் திட்டமிட்டுப் பார்ப்போம். பொருள் 500. அறிவிப்பைப் பார்த்து 40,000 பேர் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் முதல் ஐந்து விநாடிக்குள் பொத்தானை அழுத்தினால் விநாடிக்கு 8,000 கோரிக்கை. பொறுமையிழந்து திரும்பத் திரும்ப அழுத்துகிறவர்களைச் சேர்த்தால் இன்னும் பல மடங்கு.

இந்த எண்ணைக் கண்டதும் பலர், 'விநாடிக்கு 8,000 ஆர்டர் எடுக்கும் இணையதளம் வேண்டும்' என்று கணக்குப் போட்டுப் பெரிய சர்வர்களை வாடகைக்கு எடுக்கப் போகிறார்கள். ஆனால் விற்கப்போவது 500 ஆர்டர்தான். மீதி 39,500 பேருக்கும் நாம் செய்யப்போகும் ஒரே வேலை, இல்லை என்று சொல்வது. அதைச் சீக்கிரமாகவும் உண்மையாகவும், முடிந்தவரை குறைந்த செலவிலும் சொல்ல வேண்டும். இந்த ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால் இணையதளத்தின் அமைப்பு தானாகவே வடிவம் பெறும். வெளியிலிருந்து உள்ளே வர வர ஒவ்வொரு படியிலும் கூட்டம் குறைய வேண்டும். கனமான வேலை உள்படியில் மட்டுமே நடக்க வேண்டும்.

முதல் படி பொருளின் பக்கம். படம், விவரம், விலை எல்லாம் எல்லோருக்கும் ஒன்றே. அதை ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சமைத்துக் கொடுக்கத் தேவையில்லை. முன்கூட்டியே தயாரித்த நகலை சிடிஎன் எனப்படும் விநியோக வலையமைப்பில் வைத்துவிட்டால் 40,000 பேரும் நம் சர்வரைத் தொடாமலே பக்கத்தைப் பார்ப்பார்கள். அந்த நகல் சரியாக 12 மணிக்குக் காலாவதியாகும்படி விட்டுவிடாதீர்கள். அப்படி விட்டால் அந்த நொடியில் வரும் கோரிக்கைகள் திரளாக நம் சர்வர்மேல் விழும்.

இரண்டாவது படி ஓர் எண்ணி. 'வாங்கு' என்று அழுத்தியதும் கோரிக்கை நேராகத் தரவுத்தளத்துக்குப் போகாமல், ரெடிஸ் போன்ற நினைவகச் சேமிப்பில் உள்ள ஓர் எண்ணைக் குறைக்கும். அங்கே கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாகவே நிறைவேறுவதால் இரண்டு பேருக்கு ஒரே பொருள் போகாது. ஒரே கணினியில் விநாடிக்குப் பல்லாயிரம் கட்டளைகள் நடக்கும். ஆனால் எண்ணை ஒன்று குறைக்கும் `DECR` கட்டளையை மட்டும் நம்பினால் எண்ணி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டே போய் கழித்தல் 39,500-இல் நிற்கும். பிறகு யாராவது வாங்காமல் விட்ட பொருளைத் திருப்பிச் சேர்த்தால், எண் கழித்தல் 39,499 ஆகும், அவ்வளவுதான். பொருள் கையில் இருக்கும், இணையதளமோ 'தீர்ந்தது' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். 'பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் மட்டும் குறை' என்ற நிபந்தனையையும் குறைத்தலையும் ஒரே சிறு நிரலாக ரெடிஸுக்குள்ளேயே ஓடவிட வேண்டும்.

எண்ணியைத் தாண்டும் 500 பேர் மட்டுமே தரவுத்தளத்தை அடைவார்கள். அவர்களும் முகவரியையும் அட்டை எண்ணையும் ஆளுக்கொரு வேகத்தில் தட்டச்சு செய்வதால் கட்டணச் சேவைக்கு நெரிசல் தானாகவே பரவலாகும். எண்ணி குறைந்து, ஆர்டர் எழுதப்படுவதற்குள் சர்வர் விழுந்தால் ஒரு பொருள் கணக்கில் காணாமல் போகும். அது பரவாயில்லை, பிறகு எண்ணிச் சரிசெய்து மறுநாள் விற்கலாம். பிழை வந்தே தீரும் என்றால் அது குறைத்து விற்கும் பக்கம் வரட்டும்.

கூடையில் இருப்பது விற்றதாகாது

எண்ணியைத் தாண்டியவருக்குப் பொருளை விற்கவில்லை. பிடித்து வைத்திருக்கிறோம், அவ்வளவே. பத்து நிமிடத்துக்குள் பணம் கட்டாவிட்டால் அது திரும்பிவிடும். இந்தப் பத்து நிமிடத்தில்தான் வாடிக்கையாளர்களோடு ஏற்படும் மனக்கசப்பில் பெரும்பகுதி பிறக்கிறது.

நம் விற்பனையில் 12.00.01-க்கே 500-உம் பிடிக்கப்பட்டுவிட்டது. 39,500 பேருக்கு 'விற்றுத் தீர்ந்தது' என்று காட்டினோம், அவர்கள் போய்விட்டார்கள். 12.10-க்குப் பார்த்தால் 380 பேர்தான் பணம் கட்டியிருக்கிறார்கள். மற்றவர்களில் சிலருக்கு அட்டை மறுக்கப்பட்டது, சிலருக்கு மனம் மாறியது. 120 பொருள் திரும்பி வந்து, தற்செயலாக அந்த நேரத்தில் பக்கத்தைப் புதுப்பித்தவர்களுக்குக் கிடைக்கிறது. சரியான நேரத்துக்கு வந்து, நாம் சொன்னதை நம்பி விலகியவர் ஏமாந்தார்.

அதனால் பக்கத்தில் இரண்டு நிலைகள் போதாது, மூன்று வேண்டும். கிடைக்கிறது, எல்லாம் பிறர் கூடையில் இருக்கிறது, தீர்ந்துவிட்டது. இரண்டாவது நிலையில் வருகிறவர்களை வந்த வரிசைப்படி ஒரு பட்டியலில் சேர்த்து, இடம் காலியானால் அழைக்கலாம். பட்டியலுக்கும் எல்லை வேண்டும். முந்தைய விற்பனைகளில் நால்வரில் ஒருவர் பணம் கட்டாமல் போனதாகத் தெரிந்தால், 500-க்கு ஏறத்தாழ 125 திரும்பும். பட்டியலில் 150 பேர் போதும். மீதிப்பேருக்கு அப்போதே தெளிவாக 'இல்லை' என்று சொல்லிவிடலாம். நம்பிக்கை இல்லாத வரிசையில் ஒருவரைப் பத்து நிமிடம் நிற்க வைப்பதை நான் நேர்மையின்மை என்றே கருதுகிறேன்.

இன்னொரு சிக்கல் நேரம் கடந்து வரும் பணம். பிடித்து வைத்த காலம் 12.10-க்கு முடிகிறது, பொருள் அடுத்தவருக்குப் போகிறது, 12.10.20-க்கு முதலாமவரின் வங்கி 'பணம் வந்துவிட்டது' என்று செய்தி அனுப்புகிறது. எங்கள் 41 ஆர்டர்களிலும் சில இப்படி வந்தவைதான். கட்டணப் பக்கத்தின் ஆயுளை எட்டு நிமிடமாகவும், பிடித்து வைக்கும் காலத்தைப் பத்து நிமிடமாகவும் வைத்தால் இந்த இடுக்கு பெரும்பாலும் அடைபடும். சில கட்டணச் சேவைகள் தங்கள் பக்கத்தின் ஆயுளை 30 நிமிடத்துக்குக் கீழே குறைக்க விடுவதில்லை. அங்கே நாம்தான் காலாவதியான பக்கத்தைக் கட்டளை அனுப்பி மூட வேண்டும். அதையும் மீறி வருகிறவற்றுக்காக 500-இல் ஐந்தை விற்பனைக்கு விடாமல் ஒதுக்கி வைப்பது என் வழக்கம். மிஞ்சினால் பட்டியலில் அடுத்திருப்பவருக்குப் போகும்.

ஒருவரே பதற்றத்தில் 'பணம் கட்டு' பொத்தானை இரண்டு முறை அழுத்துவதும் உண்டு. ஒவ்வொரு கொள்முதல் முயற்சிக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண்ணோடு வரும் இரண்டாவது கோரிக்கைக்கு முதல் முறை கொடுத்த பதிலையே திருப்பிக் கொடுத்தால் பணம் இரண்டு முறை பிடிக்கப்படாது.

யாருடைய கடிகாரம்?

பக்கத்தில் விநாடிகளை இறக்கிக் காட்டும் கடிகாரம் சின்ன அலங்காரம்போலத் தோன்றும். உண்மையில் 40,000 பேரையும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தவைப்பது அதுதான்.

வாடிக்கையாளரின் கைப்பேசிக் கடிகாரம் சரியாக ஓடும் என்று நம்ப முடியாது. இரண்டு நிமிடம் முந்தி ஓடும் கைப்பேசியில் கவுண்ட்டவுன் 11.58-க்கே பூஜ்யம் காட்டும். அவர் அழுத்துவார், சர்வர் மறுக்கும், ஏமாற்றுகிறார்கள் என்று அவர் நினைப்பார். எனவே பக்கம் திறந்ததும் சர்வரிடம் ஒருமுறை நேரம் கேட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்:

```js
const offset = serverNow - Date.now();
function tick() {
  const left = startsAt - (Date.now() + offset);
  show(Math.max(0, left));
}
setInterval(tick, 250);
```

மிச்சமுள்ள நேரத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கழித்துக் கணக்கிடுவதைக் கவனியுங்கள். 'ஒரு விநாடி போனால் ஒன்றைக் குறை' என்று எழுதினால், வாடிக்கையாளர் வேறு தாவலுக்குப் போனதும் உலாவி இந்தச் செயலை மெதுவாக்கிவிடும். குரோம் உலாவியில் வெகுநேரம் மறைந்திருக்கும் தாவலில் நிமிடத்துக்கு ஒரு முறைதான் அது ஓடக்கூடும். திரும்பி வந்து பார்ப்பவருக்குக் கடிகாரம் பல நிமிடம் பின்தங்கியிருக்கும். `serverNow` மதிப்பைப் பக்கத்துக்குள்ளேயே எழுதி வைப்பதும் தவறு. பக்கம் சிடிஎன் நகலாக இருப்பதால் அந்த நேரமும் பழைய நேரமாகவே எல்லோருக்கும் போகும். நேரத்துக்கு மட்டும் நகலெடுக்கப்படாத தனிக் கோரிக்கை வேண்டும். அதையும் பக்கம் திறக்கும்போதே கேட்டுவிட வேண்டும். 12 மணி நெருங்கும்போது கேட்டால் அதுவே ஒரு நெரிசல்.

கடிகாரம் பூஜ்யமானதும் பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி சிலர் எழுதுகிறார்கள். அது 40,000 பேர் கையிலும் ஆயுதம் கொடுத்து நம் சர்வரை நோக்கி ஒரே நேரத்தில் சுடச் சொல்வது. பக்கம் அப்படியே இருக்க, பொத்தான் மட்டும் உயிர்பெற்றால் போதும். அழுத்தும் கோரிக்கை 12 மணிக்கு முன் வந்ததா, பின் வந்ததா என்று தீர்ப்பது சர்வரின் கடிகாரம் மட்டுமே.

பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடி பத்து நிமிடத்திலிருந்து தொடங்கும் போலிக் கடிகாரங்களையும் பார்த்திருப்பீர்கள். குறுகிய காலமே கிடைக்கும் என்று பொய்யாகச் சொல்வதை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005-ஆம் ஆண்டு நெறிமுறை எந்தச் சூழலிலும் கூடாத வணிகச் செயல்களின் பட்டியலில் வைத்திருக்கிறது.

வரிசையா, குலுக்கலா?

பொருளும் அதிகம், கூட்டமும் அதிகம் என்றால் காத்திருப்பு அறை தேவைப்படும். அதன் கணக்கு எளிது. கட்டணப் பகுதி ஒரே நேரத்தில் 1,200 பேரைத் தாங்கும், ஒருவர் அங்கே சராசரியாக நான்கு நிமிடம் இருப்பார் என்றால், 1,200-ஐ 240 விநாடியால் வகுக்க, விநாடிக்கு ஐந்து பேரை உள்ளே விடலாம். அதற்கு மேல் விட்டால் உள்ளே இருப்பவர்களுக்கும் சேர்த்துத் தாமதமாகும். தாமதமானால் சராசரி நேரம் கூடும். நேரம் கூடினால் கூட்டம் இன்னும் சேரும்.

அறையின் கதவும் பலமாக இருக்க வேண்டும். 2022 நவம்பரில் டெய்லர் ஸ்விஃப்ட் இசைப் பயணத்துக்கான டிக்கெட்டை டிக்கெட்மாஸ்டர் முன்விற்பனைக்கு விட்டபோது 35 லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தார்கள்; ஒரு பகுதியினருக்கு மட்டும் அனுமதிக் குறியீடு அனுப்பப்பட்டது. ஆனால் குறியீடு இல்லாத ரசிகர்களும் தானியங்கி நிரல்களும் சேர்ந்து படையெடுத்ததில் மொத்தம் 350 கோடி கோரிக்கைகள் வந்தன என்றும், அது தன் முந்தைய உச்சத்தைப்போல் நான்கு மடங்கு என்றும் அந்த நிறுவனமே தெரிவித்தது. எத்தனை பேரை அழைத்தோம் என்பதை வைத்து வாசலின் பலத்தை அளக்கக் கூடாது. அழைக்காதவர்களும் வந்து தட்டுவது அதே கதவைத்தான்.

நம் 500 பொருளுக்கு வரிசை முறை பொருந்தாது என்பது என் கருத்து. முதல் விநாடியில் எல்லாம் தீரும் விற்பனையில், முந்துகிறவர் ஆர்வம் மிக்கவராக இருக்க மாட்டார். வேகமான இணைப்பு உள்ளவராகவோ, நிரல் எழுதி வைத்தவராகவோ இருப்பார். 12 முதல் 12.10 வரை எல்லோரையும் பெயர் பதியச் சொல்லி, பிறகு குலுக்கல் போட்டு 500 பேரையும் 150 மாற்று ஆட்களையும் தேர்ந்தெடுத்தால், நெரிசல் பத்து நிமிடத்துக்குப் பரவுகிறது. மெதுவான இணைப்பு உள்ளவருக்கும் அதே வாய்ப்பு. ஒருவர் நூறு கணக்குகளில் பதிவதைத் தடுக்க, புதிதாகத் திறந்த கணக்குகளை ஏற்காமல், கைப்பேசி எண்ணையும் சரிபார்க்க வேண்டியிருக்கும். அவசரத்தின் பரபரப்பு குறையும் என்று விற்பனைப் பிரிவினர் வருந்துவார்கள். அந்த வருத்தத்தைத் தாங்கிக்கொள்ளலாம்.

ஒத்திகை

கூட்டம் கூடினால் சர்வர்கள் தானாகப் பெருகிக்கொள்ளும் என்ற நம்பிக்கை இங்கே உதவாது. புதிய சர்வர் தயாராகச் சில நிமிடங்கள் ஆகும். நம் விற்பனையின் உச்சம் ஐந்து விநாடி. தேவையானதை ஒரு மணி நேரம் முன்பே ஓடவிட்டு வைக்க வேண்டும்.

ஒத்திகையை முகப்புப் பக்கத்தில் நடத்துகிறவர்கள் அதிகம். அது சிடிஎன் வலையமைப்பைச் சோதிப்பதாகவே முடியும். 500 எண்ணிக்கையுள்ள ஒரு போலிப் பொருளை உருவாக்கி, 'வாங்கு' பொத்தானிலிருந்து பணம் கட்டும் படி வரை செயற்கை வாடிக்கையாளர்களை ஒரே நொடியில் இறக்க வேண்டும். `k6` போன்ற கருவிகள் இதைச் செய்யும். கூட்டம் படிப்படியாக ஏறும்படி அமைத்தால் சோதனை பொய்யாகிவிடும், உண்மையில் வருவது செங்குத்தான சுவர். கட்டணச் சேவை நிறுவனத்திடம் விநாடிக்கு எத்தனை கோரிக்கை ஏற்பார்கள் என்று ஒரு வாரம் முன்பே கேட்டு வையுங்கள். அவர்களின் எல்லை நம் எல்லையைவிடக் குறைவாக இருக்கலாம்.

சோதனை முடிந்ததும் வேக வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன் நான் ஒரு கூட்டலைப் போட்டுப் பார்ப்பேன். பணம் கட்டிய ஆர்டர்கள், இன்னும் பிடித்து வைக்கப்பட்டவை, எண்ணியில் மிச்சம், ஒதுக்கி வைத்த ஐந்து. நான்கும் சேர்ந்து 500 வர வேண்டும். 499 வந்தால் எங்கோ ஒரு சர்வர் பாதியில் விழுந்திருக்கிறது, தேடலாம். 501 வந்தால் விற்பனைத் தேதியைத் தள்ளிவைக்க வேண்டும். விற்பனை நாளன்றும் 12.15-க்கு இதே கூட்டலைப் போட்ட பிறகுதான் கிடங்குக்கு ஆர்டர் பட்டியல் போகும்.

அடுத்த முறை அந்தப் பட்டியலோடு கிடங்குக்கு நானே தொலைபேசியில் பேசினேன். "எத்தனை தம்பி?" என்றார். "500" என்றேன். அவர் பெட்டிகளை எண்ணி முடிக்கும்வரை இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்தேன்.